முருகேசன் சார் நினைவுக் கணிதப் பரிசு: முன்மொழிவு

12.01.2026

அனுப்புநர்
1998ஆம் ஆண்டு பத்தாம் வகுப்பு மாணவர்கள் சார்பில்,
த. செல்வி, மா. கண்ணன்.

பெறுநர்
தலைவர் அவர்கள்,
பள்ளி மேலாண்மைக் குழு,
அரசு மேல்நிலைப் பள்ளி, மேலக்குளம்.

பொருள்: மறைந்த கணித ஆசிரியர் முருகேசன் அவர்கள் பெயரில் ஆண்டுப் பரிசு நிறுவுதல் தொடர்பாக.

மதிப்பிற்குரிய அம்மா,

வணக்கம். முருகேசன் சார் பெயரில் பரிசு நிறுவ ரூ.1,50,000 திரட்டியுள்ளோம். அவர் துணைவியாரின் ஒப்புதல் கடிதம் இணைப்பில் உள்ளது.

முதல் மதிப்பெண்ணுக்குப் பரிசு வேண்டாம். அதற்குப் பள்ளியில் ஏற்கெனவே பரிசுகள் உண்டு. காலாண்டில் தவறியவர்களைத்தான் சார் மாலையில் உட்கார வைப்பார். எனவே பத்தாம் வகுப்பில் காலாண்டு, அரையாண்டுக் கணித மதிப்பெண்களின் சராசரி 50க்குக் கீழ் உள்ளவர்களில், பொதுத்தேர்வில் அந்தச் சராசரியிலிருந்து மிக அதிகம் உயர்ந்த மாணவர் ஒருவருக்கும் மாணவி ஒருவருக்கும் பரிசு தரலாம். காலாண்டில் 28, அரையாண்டில் 34 என்றால் சராசரி 31. பொதுத்தேர்வில் 67 எடுத்தால் உயர்வு 36. ஒரே தேர்வை அடிப்படையாக வைத்தால் வேண்டுமென்றே குறைத்து எழுத இடமுண்டு. அதனால்தான் இரண்டின் சராசரி. இரண்டையும் எழுதியிருக்க வேண்டும். சமமாக வந்தால் தொகையைப் பகிரலாம். அரையாண்டு முடிந்ததுமே பட்டியலில் குழு கையொப்பமிட்டு வைத்துவிட்டால் பின்னால் பேச்சு வராது.

பணத்தை ஐந்தாண்டு வைப்பில், ஆண்டுதோறும் வட்டி வரும்படி, ஏப்ரல் மாதத்துக்குள் போட வேண்டும். 6.5 சதவீதம் என்றால் வட்டி ரூ.9,750. அதில் ஐந்தில் நான்கு பங்கு, அதாவது ரூ.7,800, இருவருக்கும் சமமாக. மீதி ரூ.1,950 சேமிப்புக் கணக்கில் இருக்கட்டும். ஐந்தாண்டு முடிந்து புதுப்பிக்கும்போது முதலோடு சேர்த்தால் ரூ.1,59,750 ஆகும். பரிசுத் தொகையை ரூபாயில் எழுதி வைக்காமல் பங்காகவே தீர்மானத்தில் எழுதுங்கள். வட்டி குறைந்தாலும் அசலில் கை வைக்க நேராது.

இத்தகைய பரிசுகள் பெரும்பாலும் நின்றுபோவது பணமில்லாமல் அல்ல. ரசீது யாரிடம் என்று தெரியாமல்தான். தலைமை ஆசிரியர் மாறுவார், குழுவும் மாறும். ஆகவே வைப்பு எவருடைய சொந்தப் பெயரிலும் வேண்டாம். குழுவின் பெயரில், தலைவரும் தலைமை ஆசிரியரும் கூட்டாகக் கையொப்பமிடும் தனிக் கணக்கு வேண்டும். அரசுத் திட்ட நிதி வரும் கணக்கோடு கலக்கக் கூடாது. பொறுப்பு மாறும்போது ரசீது எண்ணையும் முதிர்வு நாளையும் ஒப்படைப்புப் பதிவேட்டில் எழுத வேண்டும். பத்தாண்டு கேட்பாரற்றுக் கிடந்தால் வங்கி அந்தப் பணத்தை ரிசர்வ் வங்கியின் நிதிக்கு அனுப்பிவிடும். திரும்பப் பெற அலைய வேண்டியிருக்கும்.

தொகையை மாணவர் வங்கிக் கணக்கில் ஜூன் முதல் வாரமே செலுத்திவிட வேண்டும். ஆண்டு விழா வரை வைத்திருந்தால் நோட்டுக்கும் சீருடைக்கும் உதவாது. பாலிடெக்னிக், ஐடிஐ என்று வேறிடம் சேர்ந்தவருக்கும் உண்டு. சான்றிதழை மட்டும் விழாவில் வழங்கலாம்.

முதல் வட்டி 2027 ஏப்ரலில்தான் வரும் என்பதால், வரும் ஜூன் பரிசுக்கான ரூ.7,800ஐத் தனியாகத் தருகிறோம். அடுத்த கூட்டத்தில் தீர்மானம் நிறைவேற்றி நகல் ஒன்று தந்தால், ஒரு வாரத்தில் காசோலையோடு வருகிறோம்.

இப்படிக்கு,
த. செல்வி
மா. கண்ணன்

இணைப்பு: ஒப்புதல் கடிதம், நன்கொடையாளர் பட்டியல்