சமரசப் பேச்சின் சுருக்கக் குறிப்பு: கொள்முதல், கணக்குப் பிரிவு சக ஊழியர்கள் இருவர்

கூட்டாகச் சந்தித்த நாள்: 2025 ஜூன் 10, செவ்வாய்க்கிழமை
மறுபடி சந்திக்கும் நாள்: 2025 ஜூலை 22, செவ்வாய்க்கிழமை
இந்தக் குறிப்பு யாருக்கு: பேச்சில் கலந்துகொண்ட இருவருக்கு மட்டும்

பெயர் வேண்டாம் என்று இருவருமே கேட்டுக்கொண்டார்கள். அதனால் அவரவர் பார்க்கும் வேலையை வைத்தே, கொள்முதல் அலுவலர், கணக்கு அலுவலர் என்று எழுதியிருக்கிறேன். இருவரும் தாங்களாக விரும்பி வந்தவர்கள். முதலில் ஒவ்வொருவரிடமும் தனியாகப் பேசினேன், அப்புறம் மூவரும் சேர்ந்து உட்கார்ந்தோம். தனியாகச் சொன்னவற்றில் எதைப் பொதுவில் வைக்கலாம் என்று அவரவர் அனுமதித்தார்களோ அது மட்டுமே இதில் இருக்கிறது.

மே மாதக் கடைசியில் நடந்த குழுக் கூட்டத்தில் இருவருக்கும் வாக்குவாதம் முற்றியது. அன்று யார் முதலில் ஆரம்பித்தார், என்ன வார்த்தை வந்தது என்பதை இங்கே பதியவில்லை. அதைப் பற்றி நேரில் நிறையவே பேசினோம். இரண்டு பேரும் அந்த நாளை இரண்டு விதமாக நினைவில் வைத்திருக்கிறார்கள், எது சரி என்று முடிவு கட்டுவது என் வேலை கிடையாது. இனி எப்படி நடந்துகொள்வது என்பதில் இருவரும் ஒத்துப்போனார்கள். அதைத்தான் எழுதுகிறேன்.

இருவரும் ஒருவரிடம் ஒருவர் சொன்னது

ஒரு பில்லுக்குப் பணம் போக வேண்டுமென்றால் கொள்முதல் ஆணை, சரக்கு வந்த ரசீது, பில் மூன்றும் ஒன்றோடொன்று பொருந்த வேண்டும். எண்ணிக்கையிலோ விலையிலோ சிறு வித்தியாசம் இருந்தாலும் பில் நின்றுவிடும். அப்படி நிற்கும்போது சப்ளையர் போன் செய்வது கொள்முதல் அலுவலருக்கு. "பணம் எங்கே" என்ற கேள்விக்குச் சொல்லப் பதில் இல்லாமல் நிற்க வேண்டியிருக்கிறது, சில நாட்களில் அடுத்த சரக்கையே நிறுத்திவிடுவோம் என்று சொல்கிறார்கள் என்றார் அவர். பொருந்தாத பில்லைப் பாஸ் செய்துவிட்டால் தணிக்கையில் எழுந்து நின்று பதில் சொல்வது நான்தான், என் கையெழுத்துதான் அதில் இருக்கும் என்றார் கணக்கு அலுவலர்.

இதைக் கேட்டபோது அறையில் பேச்சு மாறியதை நான் கவனித்தேன். ஒரே பில்லின் நெருக்கடி இருவருக்கும் வேறு வேறு பக்கத்திலிருந்து வருகிறது. மற்றவருக்கு வரும் நெருக்கடியை இருவருமே முழுதாக அறிந்திருக்கவில்லை. இரண்டு கவலையும் நியாயமானவை என்று இருவரும் ஏற்றார்கள்.

பில் நின்றால் என்ன செய்வது

அதிக நேரம் எடுத்தது இதுதான், எடுத்திருக்கவும் வேண்டும்.

பில்லைத் திருப்பும்போது காரணத்தை ஒரு வரியில் எழுதிச் சொல்ல கணக்கு அலுவலர் ஒத்துக்கொண்டார். "சரியில்லை" என்று மட்டும் இல்லாமல், "ரசீதில் 40, பில்லில் 48" என்பது போல எது எதோடு பொருந்தவில்லை என்று இருக்கும். பில் கைக்கு வந்து இரண்டு வேலை நாளுக்குள் இது நடக்கும்.

சரக்கு வந்த ரசீதை வந்த அன்றோ மறுநாளோ பதிவேற்றுவதாகக் கொள்முதல் அலுவலர் சொன்னார். விலையில் மாற்றம் இருப்பது தனக்கு முன்கூட்டியே தெரிந்தால், பில் வரும்வரை காத்திருக்காமல் அப்போதே கணக்கு அலுவலரிடம் சொல்லிவிடுவார்.

ஒவ்வொரு வியாழக்கிழமையும் காலை பத்து மணிக்குக் கால் மணி நேரம் இருவரும் சேர்ந்து, நிலுவையில் உள்ள பில் பட்டியலைப் பார்ப்பார்கள். ஒருவர் விடுப்பில் இருந்தால் வெள்ளிக்கிழமைக்கு மாற்றிக்கொள்வார்கள். இந்த யோசனை அவர்களிடமிருந்தே வந்தது. நான் சொல்லியிருந்தால் இத்தனை எளிதாக ஏற்றிருக்க மாட்டார்கள் என்று நினைக்கிறேன். பொதுவான எக்செல் பட்டியலில் மற்றவர் எழுதியதை மாற்ற வேண்டியிருந்தால், மாற்றுவதற்கு முன் ஒரு வார்த்தை கேட்பார்கள்.

பேசும் விதம்

மேலாளரை சிசியில் வைத்து மெயில் அனுப்புவது இருவரையும் புண்படுத்தியிருக்கிறது. இனி எந்தப் பிரச்சினையானாலும் முதலில் நேரிலோ போனிலோ பேசுவார்கள். அதிலும் தீரவில்லை என்றால், "இதை மேலாளரிடம் கொண்டுபோகப் போகிறேன்" என்று மற்றவரிடம் சொல்லிவிட்டுக் கொண்டுபோவார்கள். மேலாளரிடம் போகும் உரிமை இருவருக்கும் அப்படியே இருக்கிறது. சொல்லாமல் போவதை மட்டும் விட்டுவிடுகிறார்கள்.

அடுத்தவர் வேலையில் ஒரு பிழை கண்ணில் பட்டால் அதைத் தனியாகச் சொல்வார்கள், குழுக் கூட்டத்தில் எடுக்க மாட்டார்கள். கோபத்திலும் "நீங்க" என்றே பேச வேண்டும் என்று இருவரும் கேட்டார்கள், இருவரும் ஒத்துக்கொண்டார்கள். மாலை ஆறரைக்கு மேல் வேலை விஷயமாக வாட்ஸ்அப் செய்தி இல்லை. அவசரமென்றால் போன்.

பேச்சு சூடாவது போல் தெரிந்தால் யார் வேண்டுமானாலும் "கொஞ்சம் நிறுத்திக்கலாம்" என்று சொல்லலாம். சொன்னவுடன் மற்றவர் காரணம் கேட்காமல் நிறுத்துவார். மறுநாள் மதியத்துக்குள் அதே விஷயத்தை மறுபடி எடுத்துப் பேச வேண்டும். அப்படியே கிடப்பில் போடக் கூடாது என்பதைக் கணக்கு அலுவலர் வலியுறுத்தினார், கொள்முதல் அலுவலரும் அதையே விரும்பினார். இதில் எப்போதாவது ஒருவர் தவறிவிட்டால் ஒப்பந்தமே முறிந்தது என்று எடுத்துக்கொள்ளாமல், அன்றே சொல்லிச் சரிசெய்துகொள்வார்கள்.

முடிவாகாத ஒன்று

சப்ளையர் தன் வங்கிக் கணக்கு எண் மாறிவிட்டதாக மெயில் அனுப்பினால், அதை உறுதிசெய்வது யார்? ஏமாற்றுக்காரர்கள் இந்த வழியில் பணத்தைத் திருப்பிவிடுவது உண்டு என்பதால், மெயிலில் உள்ள போன் எண்ணை விட்டுவிட்டு, ஏற்கெனவே கையில் இருக்கும் எண்ணுக்குப் போன் செய்து கேட்க வேண்டும் என்பதில் இருவருக்கும் ஒரே கருத்து. அந்தப் போனைச் செய்வது எந்தப் பிரிவின் பொறுப்பு என்பதில் கருத்து வேறுபாடு நீடிக்கிறது. இது அவர்கள் இருவரும் தீர்த்துக்கொள்ளக்கூடியதும் அல்ல, அலுவலக விதி சம்பந்தப்பட்டது. ஜூன் 20-க்குள் இருவரும் சேர்ந்து ஒரே மெயிலாக மேலாளரிடம் கேட்பார்கள். பதில் வரும்வரை அப்படி வரும் கோரிக்கை எதையும் இருவரும் செயல்படுத்த மாட்டார்கள்.

இந்தக் குறிப்பு எங்கே போகும்

எங்கும் போகாது. யாருடைய பணிக் கோப்பிலும் இது சேராது, மதிப்பீட்டுக்கோ ஒழுங்கு நடவடிக்கைக்கோ பயன்படாது. பேச்சு முடிந்தது, ஓர் உடன்பாடு ஏற்பட்டது என்பதை மட்டும் மேலாளரிடம் சொல்வேன். வியாழக்கிழமைச் சந்திப்பு பற்றி இருவரும் சேர்ந்து அவரிடம் சொல்லிக்கொள்வார்கள். ஒருவருடைய பாதுகாப்புக்கு ஆபத்து என்றாலோ சட்டம் கேட்டாலோ மட்டும் நான் பேச வேண்டியிருக்கும் என்பதைத் தொடக்கத்திலேயே சொல்லியிருந்தேன். பேசும்போது நான் எழுதிய தாள்களை இந்தக் குறிப்பு இறுதியானதும் கிழித்துவிட்டேன்.

இது சட்டப்படி கட்டுப்படுத்தும் பத்திரம் அல்ல. முறைப்படி புகார் கொடுக்கும் உரிமையை இருவரில் யாரும் விட்டுக்கொடுக்கவில்லை.

ஜூலை 22-க்குள் ஒரு மாத முடிவு கடந்திருக்கும். நெருக்கடி அதிகமாக இருக்கும் அந்த நாட்களில் மேலே சொன்னவற்றில் எது கைகொடுத்தது, எது ஒத்துவரவில்லை என்று அன்று பார்ப்போம். அதற்கு முன்பே தேவைப்பட்டால் இருவரில் ஒருவர் கேட்டாலும் போதும், நான் வருகிறேன்.

வரைவை இருவரும் படித்தார்கள். கொள்முதல் அலுவலர் ஓர் இடத்திலும் கணக்கு அலுவலர் ஓர் இடத்திலும் சொல்லை மாற்றச் சொன்னார்கள், மாற்றியிருக்கிறேன். இப்போதுள்ள வடிவத்துக்கு இருவரும் ஜூன் 12 அன்று மெயிலில் சம்மதம் தெரிவித்தார்கள்.

சமரசம் பேசியவர்