இதழியல் தாளுக்கு மீள்பார்வைக் குறிப்பு: மாதிரிகளும் கோட்பாடுகளும், நம் ஊர் உதாரணங்களோடு

"தகவல் தொடர்பு மாதிரிகளையும் ஊடகக் கோட்பாடுகளையும் தக்க சான்றுகளுடன் ஒப்பிடுக" என்று கேள்வி வந்தால், பலர் பெயரையும் ஆண்டையும் வரிசையாக எழுதிவிட்டுப் பேனாவை மூடிவிடுகிறார்கள். கேட்டது ஒப்பீடு, அது மட்டும் விடையில் இருக்காது. சுங்கை சிப்புட் சுற்றுவட்டாரத் தோட்டங்களிலிருந்து கோயில் மண்டபத்து மாலை வகுப்புக்கு வரும் உங்களுக்காக இந்தக் குறிப்பு. உதாரணங்கள் எல்லாம் நம் ஊருடையவை. சொந்தமாகப் பார்த்ததை வைத்து எழுதினால் தேர்வு அறையில் மறக்காது.

முதலில் பிரித்துக்கொள்ளுங்கள். செய்தி எங்கே கிளம்பி, எந்த வழியாகப் போய், யாரிடம் சேர்ந்தது என்று வரைந்து காட்டுவது மாதிரி. சேர்ந்த பிறகு என்ன ஆனது, ஏன் அப்படி ஆனது என்று விளக்க முயல்வது கோட்பாடு. இதை விடையின் முதல் பத்தியிலேயே எழுதிவிடுங்கள். அப்புறம் எதை எதனோடு ஒப்பிடுகிறீர்கள் என்பது திருத்துபவருக்குத் தெளிவாகிவிடும்.

மாதிரிகள்

ஹெரால்டு லாஸ்வெல் 1948இல் சொன்னது ஐந்து கேள்விகள்: யார், என்ன, எந்த வழியில், யாருக்கு, என்ன விளைவோடு சொல்கிறார்? காலைப் பெரட்டை எடுத்துக்கொள்ளுங்கள். சொல்பவர் மண்டோர். சொல்வது இன்றைக்கு எந்த பிளாக்கில் வெட்டு என்பது. வழி நேரடிப் பேச்சு. கேட்பவர்கள் வரிசையில் நிற்கும் தொழிலாளர்கள். விளைவு, கொஞ்ச நேரத்தில் எல்லாரும் அந்த பிளாக்கில் இருப்பது. கச்சிதமாகப் பொருந்துகிறது. ஆனால் பின்வரிசையில் ஒருவர் "அங்கே நேத்து மழையில பாலம் போயிடுச்சே" என்று முணுமுணுத்தாரே, அதற்கு லாஸ்வெல்லில் இடமில்லை. இந்தக் குறையை எழுதினால்தான் அடுத்த மாதிரிக்குப் போக வழி கிடைக்கும்.

அதே 1948இல் கிளாட் ஷானன் பெல் ஆய்வுக்கூடத்திலிருந்து ஒரு கணிதக் கட்டுரை வெளியிட்டார். அடுத்த ஆண்டு வாரன் வீவரின் விளக்கத்தோடு அது நூலானது. ஷானனின் கவலை தொலைபேசிக் கம்பியைப் பற்றியது, மனிதர்களைப் பற்றியது அல்ல. அதனால் உதாரணத்தையும் தொலைபேசியிலிருந்தே எடுங்கள். செம்பனைக் குலை ஏற்றப் போன லாரி ஓட்டுநர் மேட்டுப் பகுதியிலிருந்து அலுவலகத்துக்கு அழைக்கிறார்: "பதினேழாம் பிளாக் முடிஞ்சது." அலைவரிசை விட்டு விட்டு வருகிறது. கிராணியின் காதில் விழுந்தது "பதி..." மட்டும். பதினொன்றா, பதினேழா? இதுதான் இரைச்சல். ஓட்டுநர் மறுபடி "ஒன்று, ஏழு, பெரிய வாய்க்கால் பக்கம்" என்கிறார். தேவைக்கு மேலே கொஞ்சம் கூட்டிச் சொல்லி இரைச்சலை வெல்வதை ஷானன் மிகைமை என்கிறார். இரைச்சலை எல்லாரும் எழுதுவார்கள். மிகைமையையும் சேர்த்து எழுதுபவர்கள் குறைவு.

வில்பர் ஷ்ராம் 1954இல் கேட்டது வேறு. சத்தமும் தெளிவு, கம்பியும் நல்ல கம்பி. இருந்தும் ஏன் புரியவில்லை? இருவருடைய அனுபவப் பரப்பும் எங்கே ஒன்றின் மேல் ஒன்று படிகிறதோ, அங்கேதான் பொருள் பிறக்கிறது என்றார். வங்காளதேசத்திலிருந்து புதிதாக வந்த தொழிலாளியிடம் மண்டோர் "பழுத்த குலையை மட்டும் வெட்டு" என்கிறார். அவர் அண்ணாந்து பார்த்து, நிறம் சிவந்த குலையை வெட்டிப் போடுகிறார். மண்டோர் தலையில் கை வைக்கிறார். பல வருடம் காட்டில் நின்ற மண்டோர் முதலில் மரத்தடியைத்தான் பார்ப்பார். உதிரிப் பழம் கீழே விழுந்து கிடந்தால்தான் அவர் கணக்கில் அது பழுத்த குலை. மண்டோர் அவரை மரத்தடிக்குக் கூட்டிப் போய் உதிரிப் பழத்தைக் காட்டுகிறார், அவர் அடுத்த மரத்தில் செய்து காட்டுகிறார், மண்டோர் தலையாட்டுகிறார். இந்தச் சுற்றுதான் ஷ்ராம், ஆஸ்குட் இருவர் பெயரில் வரும் வட்ட மாதிரி. ஷானனின் இரைச்சல் வழியில் இருக்கிறது, ஷ்ராமின் தடையோ ஆட்களிடம் இருக்கிறது. மாதிரிகளை ஒப்பிட இந்த ஒரு வரியே பாதி விடை.

டேவிட் பெர்லோவின் 1960 மாதிரிக்கு அதிக நேரம் வேண்டாம். அனுப்புநர், செய்தி, வழி, பெறுநர் என்று நான்கு பெட்டிகள். அனுப்புநருக்கும் பெறுநருக்கும் திறன், மனப்பான்மை, அறிவு, சமூக அமைப்பு, பண்பாடு என்ற துணைத் தலைப்புகள். டிங்கிக் கொசுவைப் பற்றிப் புதிதாக வந்த இளம் சுகாதார அதிகாரி பேசினால் பாதிப் பேர் கைப்பேசியைப் பார்க்கிறார்கள். ஓய்வுபெற்ற தோட்டத்து டிரஸ்ஸர் அதையே சொன்னால் வீட்டுக்குப் போய் வாளியைக் கவிழ்க்கிறார்கள். அவ்வளவு போதும்.

மாதிரியிலிருந்து கோட்பாட்டுக்கு

நடுவில் நிற்பது வாயிற்காப்பு. கர்ட் லெவின் இதை முதலில் யோசித்தது உணவைப் பற்றி, குடும்பத்துச் சாப்பாட்டு மேசைக்கு எது வரும் என்பதை யார் முடிவு செய்கிறார்கள் என்று. டேவிட் மேனிங் வைட் 1950இல் அதைச் செய்தி அறைக்குக் கொண்டுவந்தார். அவர் ஆராய்ந்த ஆசிரியர், தந்தி வழியாக வந்த செய்திகளில் ஏறக்குறைய பத்தில் ஒன்பது பங்கை ஒதுக்கிவிட்டார். நம் ஊர் நிருபர் தீமிதித் திருவிழாவையும் தமிழ்ப்பள்ளி விளையாட்டுப் போட்டியையும் ஒரே நாளில் அனுப்புகிறார். மறுநாள் நாளிதழில் தீமிதி வண்ணப் படத்தோடு வருகிறது, போட்டி வரவேயில்லை. இடம், நேரம், ஆசிரியரின் ரசனை எல்லாம் சேர்ந்து சாத்திய கதவு அது.

இதை நிகழ்ச்சிநிரல் அமைத்தலோடு குழப்பிக்கொள்ளாதீர்கள். விடைத்தாள்களில் நான் அதிகம் பார்க்கும் குழப்பமே இதுதான். எந்தச் செய்தி உள்ளே வந்தது என்பது வாயிற்காப்பு. உள்ளே வந்த செய்திகளில் எதை மக்கள் முக்கியம் என்று நினைத்தார்கள் என்பது நிகழ்ச்சிநிரல். 1968 அமெரிக்க அதிபர் தேர்தலின்போது மெக்கோம்ப்ஸும் ஷாவும் சேப்பல் ஹில் ஊரில் இன்னும் முடிவெடுக்காத 100 வாக்காளர்களிடம் கேட்டு, ஊடகம் அழுத்தம் கொடுத்த விஷயங்களும் வாக்காளர் முக்கியம் என்ற விஷயங்களும் ஒத்துப்போவதைக் கண்டார்கள். கட்டுரை 1972இல் வந்தது. நாளிதழ்கள் ஒரு வாரம் தொடர்ந்து குடியுரிமைச் சிக்கலை முதல் பக்கத்தில் போட்டால், ஒட்டுக்கடையில் தேத்தண்ணீர் குடிப்பவர்களின் பேச்சும் அதுவாகிவிடுகிறது. ஒருவர் இப்படிப் பேசுவார், இன்னொருவர் நேர்மாறாகப் பேசுவார்; பேசுபொருள் மட்டும் ஒன்று. தோட்டத்துப் பக்கம் பேருந்து ஒழுங்காக வராதது எல்லாருக்கும் தினசரித் தொல்லை, ஆனால் அந்த வாரம் அதை யாரும் எடுக்கவில்லை.

கோட்பாடுகள்

மாயத் தோட்டா அல்லது ஊசிக் கோட்பாடு, ஊடகம் சொன்னால் மக்கள் அப்படியே ஏற்றுக்கொள்வார்கள் என்கிறது. 2020 மார்ச் 16 இரவு, 18ஆம் தேதி முதல் நடமாட்டக் கட்டுப்பாடு என்று பிரதமர் முகிதீன் யாசின் அறிவித்ததும் கடைகளில் அரிசிக்கும் மாவுக்கும் கூட்டம் அலைமோதியது. மேலோட்டமாகப் பார்த்தால் தோட்டா பாய்ந்த மாதிரிதான். கொஞ்சம் கிட்டப் போய்ப் பாருங்கள். கையில் காசு இருந்தவர் மூட்டை வாங்கினார். சம்பளம் வராதவர் கடைக்காரரிடம் கணக்கு எழுதச் சொல்லி வழக்கமான அளவே வாங்கினார். ஒரே அறிவிப்பு, ஆனால் விளைவு ஆளுக்கு ஆள் வேறு. இந்தக் கோட்பாடு இன்று ஏன் நிற்கவில்லை என்பதற்கு இதே உதாரணத்தின் இரண்டாம் பாதி பயன்படும்.

அதற்கு மறுப்பாக வந்தது இருபடிப் பாய்வு. 1940 தேர்தலை ஒஹாயோ மாநிலத்தில் ஆராய்ந்து லாசர்ஸ்ஃபெல்ட் குழு 1944இல் எழுதியது; காட்ஸும் லாசர்ஸ்ஃபெல்டும் 1955இல் விரித்தார்கள். தோட்டத்து ஊருக்கு இதைவிடப் பொருத்தமான கோட்பாடு இல்லை என்பேன். 2025 பிப்ரவரி 1 முதல் குறைந்தபட்சச் சம்பளம் 1,700 ரிங்கிட் என்ற செய்தி வானொலி, தொலைக்காட்சி, வாட்ஸ்அப் எல்லாவற்றிலும் வந்தது. கேட்டவர்கள் அதோடு விடவில்லை. "நமக்கும் உண்டா அண்ணே? குலைக் கணக்குல வாங்குறவனுக்கு எப்படி?" என்று தொழிற்சங்கக் கிளைத் தலைவர் வீட்டு வாசலில் போய் நின்றார்கள். அவர் சொன்னதுதான் அந்த லயத்தில் செய்தியானது. ஷ்ராமின் படத்தில் இருவர் பொருளை உருவாக்குகிறார்கள். இங்கே நடுவில் மூன்றாமவர் ஒருவர், ஊரார் நம்பிக்கையைச் சம்பாதித்தவர், பொருளைச் சொல்லிக் கொடுக்கிறார்.

பயன்பாடும் மனநிறைவும் என்ற கோட்பாடு கேள்வியையே திருப்பிப் போடுகிறது: ஊடகம் மக்களை என்ன செய்கிறது என்பதை விட்டு, மக்கள் ஊடகத்தை வைத்து என்ன செய்கிறார்கள் என்று கேட்கிறது. காட்ஸ், ப்ளம்லர், குரெவிட்ச் ஆகியோர் 1970களில் இதை வகுத்தார்கள். ஒரே வீட்டில் மின்னல் எஃப்எம் ஓடுகிறது. அம்மாவுக்கு அது சமையலறைத் துணை, அப்பாவுக்குச் செய்தி, பாட்டிக்கு நேரம் பார்க்கும் கடிகாரம். மகள் காதில் இயர்போன். அவள் தேர்வு வேறு.

ஜார்ஜ் கெர்ப்னரின் பண்படுத்தல் கோட்பாடு நேர் எதிர்ப்பக்கம். ஒரு நிகழ்ச்சியைப் பற்றி அல்ல, வருடக்கணக்கில் பார்ப்பதைப் பற்றியது. மாலை முழுதும் குற்றச் செய்தியும் வில்லத்தனம் நிறைந்த தொடர்களும் பார்க்கும் அத்தை, பேத்தியை இருட்டிய பிறகு பட்டணத்துப் பேருந்தில் வர விடமாட்டார். அவர் தெருவில் யாருக்கும் எதுவும் நடந்ததில்லை. உலகம் கெட்டுப்போனது என்பது அவர் கண்ட அனுபவம் அல்ல, திரை கட்டிய அனுபவம். ஆனால் பயம் முழுதும் திரையால் வந்தது என்று அடித்து எழுதாதீர்கள். கெர்ப்னர் மீதான முக்கிய விமர்சனமே காரணத்தை நிறுவுவது கடினம் என்பதுதான்.

மௌனச் சுழல், எலிசபெத் நோயல்-நியூமன், 1974. கோயில் ஆண்டுக் கூட்டத்தில் மண்டப வாடகையை உயர்த்தும் தீர்மானம். முன்வரிசை நான்கு பேர் உரக்க ஆதரிக்கிறார்கள். பிடிக்காதவர்கள் சுற்றுமுற்றும் பார்த்து, தாங்கள்தான் சிறுபான்மை என்று கணித்து வாயை மூடிக்கொள்கிறார்கள். அவர்கள் மூடியதால் ஆதரவு இன்னும் பெரிதாகத் தெரிகிறது, அடுத்தவரும் மூடுகிறார். கூட்டம் முடிந்து மோட்டார் எடுக்கும்போதுதான் பலருக்கும் அதே எண்ணம் இருந்தது தெரிகிறது. தனிமைப்பட்டுவிடுவோம் என்ற பயமே இதன் உயிர். அதை எழுத மறந்தால் இது வெறும் கூச்சக் கதையாகிவிடும்.

ஸ்டூவர்ட் ஹாலின் குறியாக்கம்–குறிவிலக்கம் 1973இல் வந்தது. "செம்பனை எண்ணெய் விலை உயர்வு, நாட்டுக்கு நற்செய்தி" என்று செய்தி வாசிக்கப்படுகிறது. இரண்டு ஏக்கர் சொந்தமாக வைத்திருப்பவர் அதை அப்படியே ஏற்கிறார். குலை வெட்டுபவர் "நல்லதுதான், ஆனா நம்ம கூலி ஏறணுமே" என்று பேரம் பேசி ஏற்கிறார். மூன்றாமவர் "இது முதலாளிக்கு நற்செய்தி" என்று எதிர்த்துப் படிக்கிறார். மூன்று வாசிப்பையும் இப்படி ஒரே செய்தியில் காட்டுங்கள். ஷ்ராமைப் பொறுத்தவரை புரியாமல் போவது கோளாறு. ஹாலைப் பொறுத்தவரை நன்றாகப் புரிந்துகொண்டே மாற்றிப் படிக்கலாம்; வர்க்கமும் வாழ்நிலையும் அங்கே வேலை செய்கின்றன.

கடைசியாக, ஊடகம் எப்படி இருக்க வேண்டும் என்று சொல்லும் நெறிக் கோட்பாடுகள். சீபர்ட், பீட்டர்சன், ஷ்ராம் மூவரும் 1956இல் நான்காகப் பிரித்தார்கள்: அதிகாரவாதம், தாராளவாதம், சமூகப் பொறுப்பு, சோவியத் பொதுவுடைமை. மலேசியாவில் 1984ஆம் ஆண்டு அச்சகம், பதிப்பகச் சட்டத்தைக் குறிப்பிடாமல் இந்தப் பகுதியை எழுத முடியாது. நாளிதழ் நடத்த உள்துறை அமைச்சின் உரிமம் வேண்டும். ஆண்டுதோறும் புதுப்பிக்க வேண்டிய நிலை 2012 திருத்தத்தில் நீங்கியது. உரிமம் என்ற ஏற்பாடு அதிகாரவாதத்தின் சாயல். நம் ஊர் நிருபரிடம் ஆலைக் கழிவு ஆற்றில் கலப்பதாக ஒரு படம் வருகிறது. படம் எங்கே, எப்போது எடுத்தது என்று சரிபார்க்கிறார், ஆலையின் விளக்கத்தையும் கேட்கிறார், அப்புறமே அனுப்புகிறார். இது சமூகப் பொறுப்பு. இரண்டையும் ஒரே பத்தியில் வைத்து, ஒரே ஊரில் இரு கோட்பாடுகளும் பக்கத்தில் பக்கத்தில் வாழ்வதைக் காட்டுங்கள். நான்கையும் நான்கு நாடுகளுக்குப் பங்கு போட்டு எழுதும் விடைக்கு மதிப்பெண் குறைகிறது.