ஓலைப் பெட்டியை வாங்கியவருக்கு

அன்புடையீர்,

எங்கள் பெட்டியை வாங்கியதற்கு மனமார்ந்த நன்றி. உடன்குடிக்குப் பக்கத்திலுள்ள எங்கள் ஊரில், திண்ணையில் உட்கார்ந்து நாங்கள் ஐந்து பெண்கள் முடைந்த பெட்டிகளில் ஒன்று இது. குருத்தோலையை வெயிலில் உலர்த்தி, ஈர்க்கை நீக்கி, ஒரே அகலத்தில் வார்ந்து, சிவப்பும் பச்சையும் வேண்டிய இழைகளை மட்டும் சாயம் கரைத்த கொதிநீரில் முக்கி எடுத்து முடைந்திருக்கிறோம். விளிம்பில் பனை நாரால் வாய் கட்டியிருப்பதை விரலால் தடவிப் பார்த்தால், கை வேலையின் மேடு பள்ளம் தெரியும். அதைக் குறையாகக் கொள்ள வேண்டாம்.

புதுப் பெட்டியில் வரும் ஓலை மணம் சில வாரங்களில் தானே குறைந்துவிடும். நிறம் வெளிர்பச்சையிலிருந்து மெல்ல மஞ்சளாக மாறுவதும் ஓலையின் இயல்புதான்.

ஓலைக்கு ஈரம் ஆகாது. பெட்டியைக் கழுவாமல் உலர்ந்த துணியால் துடைத்து, இடுக்குகளில் சேரும் தூசியை மட்டும் பழைய பல் துலக்கும் பிரஷ்ஷால் தட்டிவிடுங்கள். தவறி நனைந்துவிட்டால் உடனே துணியால் ஒற்றியெடுத்து, காற்றோட்டமான நிழலில் முழுவதும் உலர்த்துங்கள். நாள் முழுதும் வெயிலில் வைத்தால் சாயம் வெளுத்து, ஓலையும் முறுகி உடையும். ஈரமான சிவப்பு இழை வெள்ளைத் துணியில் சாயம் இறக்கக்கூடும் என்பதால், உலரும் வரை எதையும் உள்ளே வைக்காதீர்கள்.

ஐப்பசி, கார்த்திகை மழையில்தான் கூடுதல் கவனம் தேவை. எங்களில் ஒருவர் தம் வீட்டுப் பெட்டியை மூடியோடு சிமெண்ட் தரையில் வைத்து மறந்துவிட்டு, பொங்கலுக்கு எடுத்தபோது அடிப்பக்கம் முழுவதும் பூஞ்சணம் பூத்திருந்தது. முடைகிறவர் வீட்டிலேயே இப்படி! ஆகவே மழைக்காலத்தில் மூடியைத் திறந்து அலமாரியில் உயரமாக வையுங்கள். மெல்லிய பூஞ்சணம் தென்பட்டால் வாசலுக்கு வெளியே வைத்து உலர்ந்த துணியால் துடைத்து, காலை வெயிலில் அரை மணி நேரம் காட்டினால் போதும். பூச்சி அண்டாமலிருக்க, காய்ந்த வேப்பிலையை ஒரு துணியில் முடிந்து போடலாம். பெட்டியில் தின்பண்டம் வைப்பவர்கள் அந்துருண்டை போட வேண்டாம்.

முறுக்கு, அதிரசம் போன்றவற்றை வைக்கும்போது அடியில் காகிதமோ வாழையிலைச் சருகோ விரித்தால் எண்ணெய்க் கறை படியாது. படிந்த கறை ஓலையை விட்டு எளிதில் போகாது.

கனம் ஏறி வடிவம் நசுங்கினால் கவலை வேண்டாம். நாங்கள் முடையும்போதும் ஓலையில் நீர் தெளித்துத்தான் வளைக்கிறோம். நீங்களும் நசுங்கிய இடத்தில் லேசாக நீர் தெளித்து, கையால் நிமிர்த்தி, உள்ளே செய்தித்தாளைச் சுருட்டித் திணித்து நிழலில் ஓர் இரவு வைத்தால் பழைய வடிவுக்கு வந்துவிடும். சாயமிட்ட இழைகளை மட்டும் நனைக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

வாய்கட்டு நார் ஓராண்டுக்குள் அவிழ்ந்தால், பெட்டி வந்த முகவரிக்கே திருப்பி அனுப்புங்கள். கட்டணமின்றிக் கட்டித் தருகிறோம்.

நன்றியுடன்,
பெட்டி முடைந்த ஐவர்