மாதத்தின் சிறந்த ஊழியர் விருது: பரிந்துரை

பரிந்துரைக்கப்படுபவர்: கலைச்செல்வி, சரிபார்ப்பாளர், மருந்துக் கிடங்கு
பரிந்துரைப்பவர்: பகல் ஷிப்ட் மேற்பார்வையாளர்
மாதம்: செப்டம்பர்

தேர்வுக் குழுவினருக்கு வணக்கம்.

ஆகஸ்ட் மாதத்தில் மருந்து மாறிப்போய் நம் கிடங்குக்குத் திரும்பி வந்த பார்சல்கள் 14. செப்டம்பரில் 3. அனுப்பிய ஆர்டர்கள் ஆகஸ்டில் 2,140, செப்டம்பரில் 2,185. வேலை குறைந்ததால் தவறு குறைந்தது என்று சொல்ல வழியில்லை. புதிதாக ஆள் சேர்க்கவில்லை, கருவி எதுவும் வாங்கவில்லை.

ஆகஸ்ட் கடைசி வாரத்தில், யாரும் சொல்லாமலே, அந்த 14 பில்களையும் கலைச்செல்வி மேசையில் பரப்பிக்கொண்டு உட்கார்ந்தார். எந்த ஷிப்ட், யார் கட்டியது என்றுதான் நாங்கள் அதுவரை விசாரித்துவந்தோம். அவரோ எதற்குப் பதில் எது போனது என்று எழுதிப் பார்த்தார். ஒன்பது பார்சல்களில் ஒரே மருந்தின் 250 மி.கி.யும் 500 மி.கி.யும் இடம் மாறியிருந்தன. இரண்டு பெட்டிகளையும் என் கையில் கொடுத்தார். ஒரே நீல நிறம், ஒரே எழுத்து. அளவு மட்டும் மூலையில் பொடியாக அச்சாகியிருந்தது. அகரவரிசைப்படி அடுக்கியதால் ரேக்கில் இரண்டும் பக்கத்துப் பக்கத்தில் இருந்தன. அப்படி அடுக்கச் சொன்னவன் நான்தான்.

செப்டம்பர் 1 முதல் அளவு மாறுபடும் மருந்துகளைத் தனித்தனி ரேக்குக்கு மாற்றினார். பெட்டியில் உள்ள பெயரையும் அளவையும் ஒருவர் வாய்விட்டுப் படிக்க, இன்னொருவர் பில்லில் குறிக்கும் முறையையும் கொண்டுவந்தார். முன்பு பில்லைப் படித்துவிட்டுப் பெட்டியைப் பார்ப்போம். மனத்தில் இருக்கும் எண்ணையே கண் பெட்டியிலும் படித்துவிடும்.

முதல் வாரம் ஓர் ஆர்டரைக் கட்ட 4 நிமிடத்துக்குப் பதில் 6 நிமிடம் ஆனது. பேக்கிங் பிரிவில் முணுமுணுப்பு எழுந்தது, எனக்கும் தயக்கம் வந்தது. அந்த வாரம் முழுவதும் தன் வேலை முடிந்ததும் பேக்கிங் மேசைக்கு வந்து கூடவே நின்று படித்தார். மூன்றாம் வாரத்தில் நேரம் பழையபடி 4 நிமிடத்துக்கு வந்துவிட்டது.

குழு குறிப்பாகக் கவனிக்க வேண்டிய ஒன்று உண்டு. செப்டம்பரில் திரும்பி வந்த மூன்றில் ஒன்று கலைச்செல்வி சரிபார்த்தது. “சரிபார்த்தது நான். அளவைப் படிக்காமல் குறித்துவிட்டேன்” என்று 19ஆம் தேதி பதிவேட்டில் அவரே எழுதிக் கையெழுத்திட்டிருக்கிறார். ‘அனுப்பும் முன் கண்ட தவறு’ என்ற பத்தி எங்கள் பதிவேட்டில் மாதக்கணக்கில் காலியாகவே கிடந்தது. அன்றிலிருந்து மாத இறுதிக்குள் அதில் ஆறு பதிவுகள், நான்கு வெவ்வேறு கையெழுத்துகளில். கிடங்கை நடத்துகிறவன் என்ற முறையில், 14 என்பது 3 ஆனதைவிட இந்த ஆறு பதிவுகளையே நான் பெரிதாக மதிக்கிறேன்.

இரண்டு மாதப் பதிவேட்டின் நகல்களையும் அவர் கைப்பட எழுதிய பட்டியலையும் இணைத்துள்ளேன். பேக்கிங் பிரிவினரிடம் குழு நேரில் விசாரிக்கலாம். முதல் வாரம் முணுமுணுத்தவர்களிடமும் கேட்குமாறு வேண்டுகிறேன்.