பொருள்: பணி வாய்ப்புக் கடிதம் – ஊதியம், சேரும் தேதி குறித்து என் வேண்டுகோள்

மதிப்பிற்குரிய மனிதவள மேலாளர் அவர்களுக்கு,

வணக்கம்.

அக்டோபர் 9 அன்று நீங்கள் அனுப்பிய பணி வாய்ப்புக் கடிதம் கிடைத்தது. மருந்துக் கிடங்கின் குளிர்பதனப் பிரிவு மேலாளர் பொறுப்பை என்னிடம் ஒப்படைக்க முன்வந்ததற்கு மனமார்ந்த நன்றி. இந்த வேலையில் சேர விரும்புகிறேன். வேறு நிறுவனத்தின் கடிதம் எதையும் கையில் வைத்துக்கொண்டு இதை எழுதவில்லை என்பதையும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஆனால் கையொப்பமிடுவதற்கு முன் இரண்டு விஷயங்களில் மாற்றம் கேட்க வேண்டியிருக்கிறது. ஒன்று நிலையான ஊதியம், மற்றொன்று பணியில் சேரும் தேதி.

நேர்முகத் தேர்வில் நாம் பேசியது ஒரு கிடங்கைப் பற்றி. 2 முதல் 8 டிகிரி செல்சியஸில் தடுப்பூசிகளையும் இன்சுலினையும் வைக்கும் மூன்று குளிர் அறைகள், ஆறு பேர் கொண்ட குழு, பகல் நேரப் பணி. என் ஊதிய எதிர்பார்ப்பை நீங்கள் கேட்டபோது அந்த அளவு வேலையை மனத்தில் வைத்துத்தான் ஒரு தொகையைச் சொன்னேன். நீங்களும் ஏறக்குறைய அதையே கடிதத்தில் தந்திருக்கிறீர்கள். அதில் எனக்குக் குறையில்லை. ஆனால் கடிதத்துடன் இணைத்திருக்கும் பணி விவரத்தில் இரண்டாவது கிடங்கும் சேர்ந்திருக்கிறது. அங்கே மைனஸ் 20 டிகிரி உறைநிலை அறை ஒன்று உண்டு. இரண்டு கிடங்குகளுக்கும் சேர்த்து, வாரத்தில் மூன்று இரவுகள் எச்சரிக்கை அழைப்புகளை ஏற்கும் பொறுப்பும் என் பெயரில் எழுதப்பட்டிருக்கிறது. அதாவது, நான் தொகை சொன்னது ஒரு வேலைக்கு, கடிதத்தில் இருப்பது அதைவிடப் பெரிய வேலை.

இரண்டாவது கிடங்கு வேண்டாம் என்று நான் கேட்கவில்லை. உண்மையில் என்னை அதிகம் ஈர்ப்பது அதுதான். ஆனால் அந்த இரவு அழைப்புகளின் எடை என்ன என்பதை ஏழு ஆண்டுகளாக அனுபவித்து அறிந்தவள் நான். அலுமினியம் உப்பு கலந்த தடுப்பூசி ஒருமுறை உறைந்துவிட்டால் அதன் வீரியம் திரும்ப வராது. குப்பியைப் பார்த்த மாத்திரத்தில் அது கெட்டது என்று கண்டுகொள்ளவும் பெரும்பாலும் முடியாது. வெப்பம் ஏறுவதைவிட இறங்குவதற்கே நான் அதிகம் அஞ்சுவது இதனால்தான். இரவு இரண்டு மணிக்கு அழைப்பு வந்தால், கதவு சரியாக மூடவில்லையா, உணரி பழுதா, குளிர்விப்பான் நிற்காமல் ஓடுகிறதா என்று சில நிமிடங்களில் முடிவெடுக்க வேண்டும். அந்த முடிவு தவறினால் அதன் விளைவு ஊசி போட்டுக்கொள்ளும் குழந்தையின் உடலில்தான் தெரியும். இந்தப் பொறுப்பை நான் இலேசாக எடுத்துக்கொள்ள மாட்டேன். ஊதியமும் அதை இலேசாக எண்ணக்கூடாது என்பதே என் வேண்டுகோள்.

கடிதத்தின் கணக்கையும் பார்த்தேன். மொத்த ஊதியத்தில் 70 சதவீதம் நிலையானது, 30 சதவீதம் செயல்திறன் சார்ந்தது. இந்த நிலையான பகுதி, நான் இப்போது பெறும் நிலையான ஊதியத்தைவிட 4 சதவீதமே அதிகம். செயல்திறன் பகுதியோ கிடங்கிலிருந்து சரக்கு வெளியேறும் வேகத்தை வைத்துக் கணக்கிடப்படும் என்று எழுதியிருக்கிறீர்கள். குளிர்பதனப் பொறுப்பாளர் சந்தேகத்துக்குரிய சரக்கை நிறுத்திவைக்க வேண்டியவர். நிறுத்திவைத்தால் அவருடைய ஊதியம் குறையும் என்ற ஏற்பாடு, உங்களுக்கும் நல்லதில்லை என்று உறுதியாக நம்புகிறேன்.

ஆகவே நிலையான ஊதியத்தைக் கடிதத்தில் உள்ளதைவிட 18 சதவீதம் உயர்த்தித் தரும்படி கேட்கிறேன். செயல்திறன் பகுதியின் தொகை இப்போது இருப்பதுபோலவே இருக்கட்டும்; ஆனால் அதன் அளவுகோல் வெப்பநிலைப் பதிவுகளின் முழுமை, வீணான சரக்கின் அளவு ஆகியவற்றைச் சார்ந்ததாக மாறட்டும். இந்த ஆண்டுக்கான ஒதுக்கீட்டில் 18 சதவீதத்துக்கு இடமில்லை என்றால் வேறொரு வழிக்கும் உடன்படுவேன்: இப்போது 10 சதவீதம் உயர்வு, இரண்டாவது கிடங்கின் பொறுப்பை நான் முழுமையாக ஏற்கும் நாளிலிருந்து மீதி 8 சதவீதம். அதை வாய்மொழியாக அல்லாமல் கடிதத்திலேயே எழுதித் தர வேண்டும். 10 சதவீதத்துக்குக் கீழே என்னால் இறங்க இயலாது.

அடுத்து, சேரும் தேதி. நவம்பர் 3 என்று குறித்திருக்கிறீர்கள். என் தற்போதைய பணி ஒப்பந்தத்தின்படி அறிவிப்புக் காலம் 60 நாள். திருத்திய கடிதம் இந்த வாரம் வந்து, அக்டோபர் 15 அன்று நான் விலகல் கடிதம் கொடுத்தாலும் டிசம்பர் 14 அன்றுதான் விடுபட முடியும். எனவே டிசம்பர் 22, திங்கட்கிழமை பணியில் சேர அனுமதி வேண்டுகிறேன்.

அறிவிப்புக் காலத்துக்கு ஈடான பணத்தைக் கட்டிவிட்டு முன்னதாக வெளியேறலாமே என்று நீங்கள் கேட்கலாம். ஒப்பந்தம் அதற்கு இடம் தருகிறது. ஆனாலும் நான் அதைச் செய்ய விரும்பவில்லை. நவம்பர் இறுதியில் இங்குள்ள குளிர் அறைகளில் வெப்பநிலை வரைபட ஆய்வு நடக்கவிருக்கிறது. மூலைகளிலும் கதவருகிலும் குளிர்காற்று நேரே விழும் அடுக்குகளிலும் டேட்டா லாகர்களை வைத்து, சரக்கு நிறைந்த நிலையில் எந்த இடம் பாதுகாப்பானது, எந்த இடத்தில் பெட்டியே வைக்கக்கூடாது என்று கண்டறியும் வேலை. அதன் திட்டத்தை எழுதியவள் நான். என் இடத்துக்கு வரப்போகும் இளைஞருக்கு அந்த ஆய்வை ஒருமுறை உடனிருந்து செய்து காட்டாமல் போனால், அவர் தாளை மட்டும் வைத்துக்கொண்டு தடுமாறுவார். மருந்து இருக்கும் அறையை அப்படி விட்டுச் செல்ல எனக்கு மனம் வராது. நாளை உங்கள் கிடங்கை விட்டு நான் போக நேர்ந்தாலும் இப்படித்தான் நடந்துகொள்வேன்.

விடுபடும் நாளுக்கும் சேரும் நாளுக்கும் இடையே ஒரு வாரம் கேட்டிருக்கிறேன். இத்தனை ஆண்டுகள் தொலைபேசியைத் தலைமாட்டில் வைத்துக்கொண்டே உறங்கியிருக்கிறேன். புதிய பொறுப்பை ஏற்பதற்கு முன் ஒரு வாரம் நன்றாக உறங்க வேண்டும். வேறு காரணம் இல்லை. உங்களுக்கு அவசரம் என்றால் டிசம்பர் 15 அன்றே வந்துவிடுகிறேன். அதற்கும் முன்னால் இயலாது.

இன்னொன்றையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். இங்கே ஆண்டு ஊக்கத்தொகை, டிசம்பர் 31 அன்று பணியில் இருப்பவர்களுக்கு மட்டுமே கிடைக்கும். அதை நான் இழக்கப்போகிறேன். அதற்காகச் சேரும் தேதியை ஜனவரிக்குத் தள்ளும்படி கேட்கவில்லை. உங்கள் இரண்டாவது கிடங்கு அதுவரை பொறுப்பாளர் இல்லாமல் இருக்கக்கூடாது என்பதால்தான். பணியில் சேரும்போது ஒருமுறை மட்டும் தரும் தொகை உங்கள் நிறுவனத்தில் வழக்கம் என்றால், இந்த இழப்பைக் கருத்தில் கொள்ளுங்கள். வழக்கமில்லை என்றால் வற்புறுத்த மாட்டேன்.

விடுப்பு, காப்பீடு, தகுதிகாண் காலம் ஆகியவற்றைப் பற்றிய பகுதிகள் அப்படியே எனக்குச் சம்மதம்.

உங்கள் கடிதத்துக்கு அக்டோபர் 14 வரைதான் காலம் தந்திருக்கிறீர்கள். இந்த மாற்றங்களுக்கு மேலிடத்தின் ஒப்புதல் தேவைப்படும் என்பதை உணர்கிறேன். ஆகவே அந்தக் கெடுவை அக்டோபர் 17 வரை நீட்டித்து ஒரு வரி பதில் எழுதினால் போதும். முடிவு 15-ஆம் தேதிக்குப் பிறகு வந்தால், நான் விடுபடும் நாளும் அத்தனை நாள் தள்ளிப்போகும். அதைச் சேரும் தேதியில் சரிசெய்துகொள்ளலாம். திருத்திய கடிதம் கைக்கு வரும் வரை இங்கே விலகல் கடிதம் கொடுக்க மாட்டேன்.

எழுத்தில் விளங்காதது ஏதேனும் இருந்தால் நேரில் பேசவும் தயாராக இருக்கிறேன். நாளையும் நாளை மறுநாளும் மாலை ஐந்தரை மணிக்குப் பிறகு தொலைபேசியில் கிடைப்பேன். கிடங்குத் தலைமை மேலாளரும் உரையாடலில் சேர்ந்தால், இரவு அழைப்புகளை எப்படிப் பங்கிடுவது என்பதையும் அப்போதே பேசிவிடலாம்.

நன்றியுடன்,
கயல்விழி
அக்டோபர் 13