கிணற்று மோட்டர் விபரத்தாள்: திருத்திய வசனங்கள்

அண்ணை,

சனிக்கிழமை சுன்னாகத்தில் உங்கள் கல்லாவுக்குப் பக்கத்தில் ஒரு கதிரையைப் போட்டு நான் சும்மா இருக்கவில்லை. மோட்டர் கேட்டு வந்த ஆட்கள் என்ன கேட்கிறார்கள் என்று கொப்பியில் எழுதிக்கொண்டிருந்தேன். தாங்கி நிரம்ப எவ்வளவு நேரம், கரண்ட் பில் எவ்வளவு ஏறும், கிணற்றுக்குள் கிடந்து துருப்பிடிக்குமா, வோல்டேஜ் குறைந்தால் எரிந்து போகுமா. இந்த நாலும்தான் திரும்பத் திரும்ப வந்தன. கொம்பனி அனுப்பிய தாளில் இந்த நாலுக்கும் பதில் இருக்கிறது, ஆனால் ஒன்றும் கேட்டவருக்கு விளங்கும் பாஷையில் இல்லை. அந்த 1 எச்.பி. நீர்மூழ்கி மோட்டரின் தாளை வசனம் வசனமாக மாற்றி எழுதியிருக்கிறேன். பழையதை மேலேயும் புதியதைக் கீழேயும் வைத்திருக்கிறேன்.

பழையது: "அதிகபட்ச ஓட்டம் 100 லீற்றர்/நிமிடம். அதிகபட்ச தலை 32 மீற்றர்."

புதியது: "தண்ணீர் 20 அடியில் நிற்கிற கிணறு, 20 அடி உயரத்தில் தாங்கி. இப்படியான வீட்டில் 1000 லீற்றர் தாங்கி ஏறத்தாழ 17 நிமிடத்தில் நிரம்பும். அதற்குச் செலவாவது ஒரு யூனிற்றில் மூன்றில் ஒரு பங்கு கரண்ட்."

"தலை" என்பதை வாசித்துவிட்டு ஒரு ஐயா "ஆற்றை தலை தம்பி?" என்று கேட்டாரே, அந்தச் சொல் போகவேண்டும். ஆனால் நான் இந்த வசனத்தில் மெனக்கெட்டது வேறு காரணத்துக்கு. 100 லீற்றரும் 32 மீற்றரும் ஒரே நேரத்தில் கிடைப்பவை அல்ல. 32 மீற்றர் உயரத்துக்குப் போனால் குழாயில் சொட்டுத் தண்ணீரும் வராது. 100 லீற்றர் வேண்டுமென்றால் உயரமே இருக்கக்கூடாது. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் போட்டால், வாங்குகிறவர் 10 நிமிடத்தில் தாங்கி நிரம்பும் என்று கணக்குப் போடுவார். வீட்டில் கொண்டுபோய்ப் பூட்டியபின் சண்டைக்கு வருவார், அதுவும் உங்களிடம்தான்.

கணக்கு இதுதான்: கிணற்றுக்குள் 6 மீற்றர், மேலே 6 மீற்றர், குழாயும் வளைவுகளும் தின்பதற்கு 2 மீற்றர், மொத்தம் 14. கொம்பனியின் வரைபடத்தில் 14 மீற்றருக்கு நேரே 60 லீற்றர் இருக்கிறது. மோட்டர் எடுக்கிற கரண்ட் 1100 வாட். 17 நிமிடம் ஓடினால் 0.31 யூனிற்.

பழையது: "ஐ.பி. 68 தரத்திலான நீர்மூழ்கி வடிவமைப்பு."

புதியது: "மோட்டர் தண்ணீருக்குள்ளேயே கிடக்கும். காற்றுப் பிடித்து நிற்காது, தண்ணீர் ஊற்றிப் பிடிக்கத் தேவையில்லை. கிணற்றடியில் பேசிக்கொண்டிருக்கலாம், சத்தம் பெரிதாகக் கேட்காது. ஆவணி, புரட்டாதியில் கிணறு வற்றித் தண்ணீர் கீழே போனாலும், மோட்டர் மூழ்குமளவு தண்ணீர் இருந்தால் இறைக்கும்."

கடைசி வசனம்தான் விற்கும், அண்ணை. மேலே வைக்கிற மோட்டர் தண்ணீரை உறிஞ்சித்தான் எடுக்கவேண்டும். 25 அடிக்குக் கீழே போனால் திணறும். அந்த மாதங்களில் வாளியும் கையுமாக நின்ற வீடு எங்கள் வீடும்தான். ஐ.பி. 68 என்ற இலக்கத்தைத் தாளின் பின்பக்க அட்டவணையில் போடுங்கள். கேட்கிற பாஸ்மார் அங்கே பார்ப்பார்கள்.

பழையது: "304 துருப்பிடிக்காத எஃகு உறை."

புதியது: "உடம்பு முழுக்க எவர்சில்வர் வகை உருக்கு, 304. எங்கள் கல்நீர்க் கிணற்றுக்குள் கிடந்தாலும் வார்ப்பிரும்பு மாதிரித் துருவேறாது, குளிக்கிற தண்ணீரில் மஞ்சள் கறை இறங்காது. கடற்கரையோரம், கிணறு உவர் என்றால் 316 உருக்கில் வருகிற மொடலைக் கேளுங்கள்."

கடைசி வசனத்தைப் பார்த்துவிட்டு "ஏன்டா வியாபாரத்தைக் கெடுக்கிறாய்" என்பீர்கள். உப்பில் 304 புள்ளி புள்ளியாக அரிக்கும். ஊர்காவற்றுறைக்கோ காரைநகருக்கோ ஒன்று போய்த் திரும்பி வந்தால் உத்தரவாதச் செலவு யாருக்கு? "துருப்பிடிக்காத" என்று மொட்டையாக எழுதினால் அதுவே வாக்குறுதி ஆகிவிடும். கேத்திலில் வெள்ளையாகப் படிகிற சுண்ணாம்பு இதிலும் படியும். அதைத் தடுக்கும் என்று நாங்கள் எங்கேயும் சொல்லவில்லை, சொல்லவும் வேண்டாம்.

பழையது: "உள்ளமைந்த வெப்ப மிகைச்சுமைப் பாதுகாப்பு."

புதியது: "மோட்டர் அளவுக்கு மேல் சூடானால் தானே நின்றுவிடும், ஆறியதும் தானே ஓடும். நின்றுவிட்டது என்று கயிற்றைத் தூக்குவதற்கு முன் மெயின் சுவிட்சை நிற்பாட்டுங்கள்."

"வைண்டிங் எரியவே எரியாது" என்று ஒரு வரி சேர்க்கச் சொன்னீர்கள். சேர்க்கவில்லை. தண்ணீர் இல்லாமல் மணிக்கணக்கில் ஓடவிட்டால் எந்த மோட்டரும் தாங்காது. மிதவைச் சுவிட்சைத் தனியாக விற்கிறீர்கள்தானே, அந்த இடத்தில் "கிணறு வற்றுகிற வீடு என்றால் மிதவைச் சுவிட்சும் சேர்த்து எடுங்கள்" என்று சின்ன எழுத்தில் போட்டிருக்கிறேன்.

பழையது: "100% செம்புச் சுருள், எஃப் வகுப்பு காப்பு."

புதியது: "வைண்டிங் முழுக்கச் செம்பு. ஒருநாள் பழுதானாலும் தூக்கி எறியாமல் திரும்பச் சுற்றிப் பாவிக்கலாம்."

விற்கிற தாளில் பழுது என்ற சொல் வரலாமா என்று நானும் யோசித்தேன். பழைய மோட்டரைச் சைக்கிள் கரியரில் கட்டிக்கொண்டு வைண்டிங் கடைக்கு அலைந்த ஆட்களுக்கு அந்தச் சொல் பயம் தராது. எஃப் வகுப்பு என்பது 155 பாகை செல்சியஸ் வரை தாங்கும் காப்பு, அதையும் அட்டவணைக்கு அனுப்பிவிட்டேன்.

பழையது: "15 மீற்றர் கேபிள்."

புதியது: "49 அடி வயர் கூடவே வரும். எங்கள் பக்கக் கிணறுகளில் அநேகமானவற்றுக்குத் தண்ணீருக்குள் மூட்டுப் போடத் தேவை வராது."

உத்தரவாத வசனம் அப்படியே இருக்கட்டும், அது நல்லாகத்தான் இருக்கிறது. "வீட்டுக்கும் தோட்டத்துக்கும் ஏற்றது" என்பதை "வீட்டுக்கும் வீட்டுத் தோட்டத்துக்கும்" என்று மாற்றியிருக்கிறேன். உரும்பிராயில் வெங்காயம் செய்கிறவர் இதைக் கொண்டுபோய்ப் பாத்தி கட்டி இறைக்கப் பார்த்தால் பாவம்.

மிச்சம் ஒரே ஒரு வசனம்: "பரந்த மின்னழுத்த வீச்சு 160–250 வோல்ட்." இதை இப்படி எழுத ஆசை: "பின்னேரம் ஊரெல்லாம் லைற் போட்டு வோல்டேஜ் 180க்கு இறங்கினாலும் மோட்டர் கிளம்பும்." ஆனால் 160இல் ஓடுமா, கிளம்புமா என்று தாளில் இல்லை. இரண்டும் ஒன்றல்ல. 230 வோல்ட்டில் இருக்கிற கிளம்பும் வலுவில் 180இல் ஏறத்தாழ 60 வீதம்தான் மிஞ்சும். ஓடிக்கொண்டிருப்பது தொடர்ந்து ஓடலாம், நின்றது உறுமிக்கொண்டே கிடக்கலாம். பின்னால் பழுதுபார்க்கிற மேசையில் வோல்டேஜைக் கூட்டிக் குறைக்கிற பெட்டி ஒன்று இருக்கிறது. பீப்பாயில் தண்ணீர் நிரப்பி மோட்டரை அதற்குள் இறக்கி, 180இல் நாலைந்து தரம் போட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். கிளம்பினால் என் வசனம், இல்லாவிட்டால் "180இலும் நிற்காமல் ஓடும்" என்று மட்டும். வியாழன் பின்னேரத்துக்குள் சொன்னால் வெள்ளி காலை அச்சகத்துக்குக் கொடுத்துவிடலாம்.