தடுப்பூசி ஃபிரிட்ஜ் வெப்பநிலைப் பதிவு: செயல்முறை

யார்: பணியில் உள்ள மருந்தக உதவியாளர்
எப்போது: காலை 8 மணி, மாலை 4 மணி. விடுமுறை நாளிலும் உண்டு.

1. கதவைத் திறக்க வேண்டாம். வெளியே உள்ள டிஸ்ப்ளேயில் இப்போதைய வெப்பநிலை, MIN, MAX மூன்றையும் பார்த்து, பக்கத்தில் தொங்கும் பதிவேட்டில் நேரத்தோடு எழுதிக் கையெழுத்திடவும். முந்தைய வரியைப் பார்த்து எழுதுவது பதிவு ஆகாது.

2. மூன்றும் 2 முதல் 8 டிகிரி செல்சியஸுக்குள் இருந்தால் RESET பட்டனை அழுத்தவும். எழுதிய பிறகே அழுத்த வேண்டும். முன்னதாக அழுத்தினால் இரவில் என்ன நடந்தது என்பது அழிந்துபோகும்.

3. ஒன்று வெளியே போயிருந்தாலும் RESET தொடக் கூடாது. கதவு இறுக மூடியிருக்கிறதா, பிளக் கழன்றிருக்கிறதா என்று மட்டும் பார்க்கவும். 'பயன்படுத்தாதீர்' அட்டையைக் கதவில் மாட்டி, பொறுப்பு மருந்தாளுநரை உடனே போனில் அழைக்கவும். அவர் சொல்லும்வரை மருந்தை எடுக்கவோ, இடம் மாற்றவோ, குப்பையில் போடவோ வேண்டாம்.

2 டிகிரிக்குக் கீழே போனால் "குளிராகத்தானே இருக்கு" என்று விட்டுவிடாதீர்கள். பல தடுப்பூசிகள் உறைந்தால் வீரியம் இழக்கும். உருகிய பின் குப்பியைப் பார்த்து அதைக் கண்டுபிடிக்க முடியாமல் போகலாம்.

ஃபிரிட்ஜில் சாப்பாடு, தண்ணீர் பாட்டில் வைக்கக் கூடாது. யார் வைத்தாலும் சரி.